என்று சொன்னால் சரியல்ல

வக்கீல் தொழிலுக்கு வருவதற்கு முன் நான் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று கதைகள் அச்சிலும் வந்தன. எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்போம். அந்த மூன்று கதைகளும்தான் என் வழக்கில் 1 முதல் 3 வரையிலான எதிரிகள்.

பாளையங்கோட்டையில் ஜூனியராகச் சேர்ந்த ஐந்தாவது மாதம். சீனியர் ஒரு கட்டைத் தூக்கி என் மேஜையில் போட்டார். ஏழு சாட்சிகள், அறுபத்திரண்டு பக்க டெபாசிஷன். “நாளை கழிச்சு ஆர்க்யுமெண்ட். யாரு என்ன சொல்லியிருக்கான்னு நாலு பக்கத்துல சுருக்கிக் கொண்டா.”

வழக்கு நம்ம ஊருக்குப் புதிதில்லை. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து வருகிற கோடகன் கால். பிசான நடவு நேரம். மேல் வயல்காரர் மடையை அடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று கீழ் வயல்காரர் கேட்கப் போக, பேச்சு முற்றி மண்வெட்டி ஓங்கப்பட்டு, கீழ் வயல்காரருக்கு மண்டையில் காயம். கொலை முயற்சி என்று வழக்கு. எதிரிகள் அண்ணன் தம்பி இருவர். நாங்கள் அவர்கள் தரப்பு. அரசு தரப்புச் சாட்சிகள்: காயம்பட்டவர் அ.சா.1, அவர் மனைவி அ.சா.2, பக்கத்து வயல்காரர் அ.சா.3, டீக்கடைக்காரர் அ.சா.4, மருத்துவர் அ.சா.5, மகஜரில் கையெழுத்துப் போட்டவர் அ.சா.6, இன்ஸ்பெக்டர் அ.சா.7.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் காலையில் நாலு பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது, ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கதை கொடுக்கிற கூச்சம்கூட என்னிடம் இருந்தது. முதல் பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம். ‘மாலை ஆறு மணியளவில், மடையை அடைத்தது தொடர்பாக எழுந்த வாய்த்தகராறில், மனைவியின் கண்ணெதிரிலேயே எதிரிகள் இருவரும் மண்வெட்டியால் தலையில் தாக்க, காயம்பட்டவர் வரப்பில் சாய்ந்தார்.’

சீனியர் இரண்டு முறை படித்தார். “நல்லாருக்குடே. நீ எந்த வரப்புல நின்ன?”

“சார்?”

“இல்ல, எல்லாத்தையும் நீதான பாத்திருக்க. அதான் கேட்டேன்.”

அதன் பிறகு அவர் டெபாசிஷனை விரித்து அந்த ஒரு வாக்கியத்தை உரித்தார். ஆறு மணி என்றவர் அ.சா.3 மட்டும். காயம்பட்டவர் சொன்னது பொழுது சாயும் நேரம். கடையை மூடப்போகும் நேரம் என்றார் டீக்கடைக்காரர். எத்தனை மணிக்கு மூடுவார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்தவர் 1-ஆம் எதிரி என்றும், 2-ஆம் எதிரி பிடித்துத் தள்ளினார் என்றும்தான் காயம்பட்டவரே சொல்லியிருந்தார். மனைவி சத்தம் கேட்டு ஓடிவந்தவர். வந்தபோது கணவர் விழுந்து கிடந்தார். ‘இருவரும் மண்வெட்டியால்’ என்பது மருத்துவரின் பக்கத்திலிருந்து வந்த தொடர். ஆக, அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. முழு வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் ஒருவருமில்லை. ஏழு பேரும் சொல்லாத ஒரு சம்பவத்தை எட்டாவது ஆளாக நான் சொல்லியிருந்தேன்.

இதில் கூடுதல் அவமானம், நாங்கள் எதிரி தரப்பு என்பது. அ.சா.1 சொல்வதும் அ.சா.3 சொல்வதும் எங்கே பொருந்தவில்லையோ அந்த இடைவெளிதான் எங்களுக்குச் சோறு. நானோ நல்ல நடைக்கு ஆசைப்பட்டு ஒவ்வோர் இடைவெளியாகப் பூசி மெழுகி, அரசு வழக்கறிஞருக்கு அவரே எழுதியிராத அளவுக்குப் பிசிறில்லாத ஒரு வழக்கைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்வதென்று கோடு போட்ட தாளை எடுத்தேன். சாட்சிக்கு ஒரு தாள். இடது ஓரத்தில் பக்க எண், வரி எண். அடுத்து முதல் விசாரணையா குறுக்கு விசாரணையா என்ற குறிப்பு. அதற்கடுத்து அவர் சொன்னது. கடைசியாக ஒரு சின்னப் பத்தி: கண்டதா, கேட்டதா. இந்தக் கடைசிப் பத்தி எங்கள் குமாஸ்தா அண்ணாச்சி போடச் சொன்னது. அவர் எந்தச் சட்டக் கல்லூரியிலும் படித்ததில்லை. முப்பது வருஷமாகக் கட்டு தூக்குகிறார்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. காயம்பட்டவர், 1-ஆம் எதிரி, அ.சா.3 மூன்று பேருக்கும் ஒரே பெயர். ஊரில் சுடலைமாடன் கோயில் இருந்தால் இப்படித்தான். தெருவுக்கு நாலு பேருக்கு அவர் பெயர் இருக்கும். ஊர்க்காரர்கள் பட்டப்பெயரால் சமாளித்துக்கொள்கிறார்கள், டெபாசிஷனில் பட்டப்பெயர் ஏறாது. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுவதென்று முடிவு செய்தேன். அங்கேயும் ஒரு குழி. அ.சா.2 என்றால் இரண்டாவது சாட்சி. அ.சா.ஆ.2 என்றால் இரண்டாவது சான்றாவணம். நடுராத்திரியில் அந்த ‘ஆ’ கண்ணுக்குத் தெரியவில்லை. ‘மடைக்குக் கிழக்கே பன்னிரண்டு அடியில் ரத்தக்கறை’ என்று காயம்பட்டவரின் மனைவி அடிக்கணக்கில் அளந்து சொன்னதாக எழுதிவைத்தேன். சொன்னது பார்வை மகஜர். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த அம்மாள் எந்த டேப்பைப் பிடித்தார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பெயரைத் தாண்டினால் ‘அவர்’. சாட்சி ‘நான்’ என்று சொல்வதை நாம் சுருக்கும்போது ‘அவர்’ ஆக்குகிறோம். ஏற்கெனவே அவர் பேச்சில் இரண்டு ‘அவர்’கள் நிற்பார்கள். அ.சா.3 சொன்னது இது: ‘நான் போனபோது 1-ஆம் எதிரி மடையில் நின்றார். காயம்பட்டவர் வந்து ஏன் அடைத்தாய் என்று கேட்டார். அவர் கையில் மண்வெட்டி இருந்தது.’ யார் கையில்? நான் யோசிக்காமல் ‘1-ஆம் எதிரி கையில் மண்வெட்டி இருந்தது’ என்று எழுதினேன். அடித்தவர் கையில்தானே இருக்க வேண்டும்! ஆனால் அந்த வாக்கியத்தைக் காயம்பட்டவருக்கும் படிக்கலாம். மண்வெட்டியோடு வந்தவர் காயம்பட்டவர் என்றால் தற்காப்பு வாதத்துக்கே ஒரு கதவு திறக்கிறது. அந்தக் கதவை நான் எங்கள் கட்சிக்காரர் முகத்தில் சாத்தியிருந்தேன். சீனியர் அங்கே எழுதச் சொன்னது வேறு: ‘அவர்’ என்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘யார் என்று தெளிவில்லை’ என்று ஒரு குறிப்பு. தெளிவில்லாததைத் தெளிவாக்குவது சுருக்குகிறவன் வேலை இல்லை என்பது சிறுகதை எழுதியவனுக்கு ஜீரணமாக நாளாயிற்று.

இவ்வளவு அடிபட்டுத் திருத்திய தாள்களோடுதான் கோர்ட்டுக்குப் போனோம். அங்கேதான் பெரிய அடி.

குறுக்கு விசாரணை எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்தால்தான் நான் விழுந்த குழியின் ஆழம் புரியும். சினிமாவில் கேள்வி தனியாக, பதில் தனியாக இருக்கும். நம் கோர்ட்டில் சாட்சியத்தைச் சாதாரணமாக விவரிப்பு நடையில்தான் எழுத வேண்டும். தேவைப்பட்ட இடத்தில் நீதிபதி கேள்வி-பதிலாகவும் பதியலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அமர்வு நீதிமன்றங்களுக்கு இதைச் சொன்னது 276-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் எண்தான் வேறு. ஆக, வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் கரைந்து ஒரே வாக்கியமாகி, முழுவதும் சாட்சியின் வாயில் ‘நான்’ என்று வரும். வக்கீல் “நீங்க அன்னிக்கு வயல்ல இல்ல, டீக்கடையில இருந்தீங்க, பொய் சொல்லுதீங்க” என்கிறார். சாட்சி “அதெல்லாம் இல்ல” என்கிறார். தட்டச்சில் வருவது: ‘சம்பவ நேரத்தில் நான் வயலில் இல்லை, டீக்கடையில் இருந்தேன் என்று சொன்னால் சரியல்ல.’ இருபது சொற்களாக நீண்டாலும் அதில் சாட்சிக்குச் சொந்தமானது கடைசிச் சொல் ஒன்றுதான். மற்றதெல்லாம் எதிரே நின்ற வக்கீலின் ஆசை. சஜஷன் என்போம்.

அ.சா.3-இன் டெபாசிஷனில் இருபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘டீக்கடையில் இருந்தேன் என்று சொன்னால்’ என்பதோடு தாள் முடிந்தது. ‘சரியல்ல’ இருபத்து நான்காம் பக்கத்தின் தலையில் தனியாக நின்றது. என் தாளில் இருந்தது: ‘சம்பவ நேரத்தில் டீக்கடையில் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார் (குறுக்கு, ப.23).’ அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு வேறு.

சீனியர் என்னை நம்பி அதைப் பெருமையாக வாசித்தார். நேரில் பார்த்த ஒரே சுதந்திரமான சாட்சி, தான் அங்கே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார், யுவர் ஆனர். அரசு வழக்கறிஞர் மெதுவாக எழுந்தார். “அய்யா, அடுத்த பக்கத்துல முதல் வார்த்தையையும் கற்றறிந்த நண்பர் வாசிச்சா நல்லாருக்கும்.” நீதிபதி பக்கத்தைத் திருப்பினார். வாசிக்கவில்லை, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சீனியர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் தேவலை என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி டீ வாங்கித் தந்துவிட்டுச் சொன்னார்: “தமிழ் வாக்கியத்த வால்லேருந்து படிக்கணும் சார். தலையில என்ன இருந்தாலும் ஆமாவா இல்லியாங்கது வால்லதான இருக்கு.” அவர் முறை எளிது. குறுக்கு விசாரணையைத் தொடுவதற்கு முன் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் மட்டும் வட்டம் போடுவார். ‘என்றால் சரிதான்’ என்றால் அது சாட்சியின் ஒப்புதல். உள்ளே இருப்பதை அவர் பெயரில் எழுதலாம். ‘சரியல்ல’ என்றால் மறுப்பு. உள்ளே இருப்பது வக்கீலுடையது, அவர் பெயரில் எழுதக் கூடாது. ‘எனக்குத் தெரியாது’ என்றால் இரண்டும் இல்லை. இந்த மூன்றாவதைத்தான் என்னைப் போன்றவர்கள் ஒப்புதல் பக்கம் நைசாகத் தள்ளுவோம். வட்டம் போட்டு முடித்த பிறகே அண்ணாச்சி சொற்களைப் படிப்பார். பக்கம் முடிகிற இடங்களில் அடுத்த தாளின் முதல் வரியைப் பென்சிலால் கீழே எழுதிவைப்பார். அப்படி எழுதியிருந்தால் சீனியரின் முகம் தப்பியிருக்கும்.

நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாகவே டெபாசிஷனில் இருந்தது என்பதுதான் எனக்குக் குழப்பம். நான் எதையும் புனையவில்லையே! ஆனால் மருத்துவர் விஷயத்தைப் பாருங்கள். ‘எதிரிகள் இருவரும் மண்வெட்டியால் தாக்கியதாக அ.சா.5 சாட்சியம் அளித்துள்ளார்.’ அ.சா.5 மடைப்பக்கமே வந்ததில்லை. காயத்தோடு வருகிற ஆளிடம் எப்படி ஆனது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவது டூட்டி மருத்துவரின் வழக்கம். ‘தெரிந்த இரண்டு நபர்கள் மண்வெட்டியால் தாக்கியதாகச் சொன்னார்’ என்று அவர் எழுதியிருந்தார். அதையே கோர்ட்டிலும் சொன்னார். மருத்துவர் தாமாக அறிந்தது காயத்தின் நீளம், ஆழம், எலும்பு முறிந்ததா என்பவை. தாக்கியவர் எத்தனை பேர் என்பது காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் சொன்ன சொல். அந்தச் சொல்லுக்கு இரண்டு பெயர் போட வேண்டும்: சொன்னவர் அ.சா.1, சொன்னதாகச் சொல்பவர் அ.சா.5.

இப்படிப் போட்டவுடன் ஒரு காரியம் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருவரும் மண்வெட்டியால் என்றவர், கோர்ட்டில் ஒருவர்தான் மண்வெட்டி எடுத்தார் என்கிறார். இரண்டும் ஒரே ஆளின் வாய். ஒரே பெயரில் எழுதிவைத்ததால் எனக்குத் தெரியாமல் போன முரண், பெயரைச் சரியாகப் பிரித்ததும் தாளில் தானாக எழுந்து உட்கார்ந்தது. சீனியர் அன்றைக்கு மீதி வாதத்தை அதன் மேல்தான் கட்டினார். கண்டுபிடித்தவன் நானில்லை, அவர்தான் காலையில் காரில் வரும்போது என் தாளைத் திருத்தினார்.

இன்ஸ்பெக்டர் இதைவிட ஒரு படி மேல். அ.சா.3 கோர்ட்டில், 2-ஆம் எதிரி காயம்பட்டவரைக் காலால் மிதித்தார் என்றார். குறுக்கு விசாரணையில் இன்ஸ்பெக்டர் சொன்னது: ‘2-ஆம் எதிரி காலால் மிதித்ததாக அ.சா.3 என் விசாரணையில் சொல்லவில்லை.’ நான் அதைக் கொண்டுபோய் அ.சா.3-இன் தாளில் ‘மிதித்ததாகச் சொல்லவில்லை’ என்று எழுதினேன். இப்போது ஒரே தாளில், மேலே மிதித்தார், கீழே மிதித்ததாகச் சொல்லவில்லை. படிக்கிறவர் சாட்சிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பார்.

போலீசிடம் சொன்ன வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. கோர்ட்டில் சொன்னதை அதோடு மோதவைக்க மட்டும் அதை எடுக்கலாம். அதற்கும் இரண்டு கால் வேண்டும்: முதலில் அ.சா.3-ஐயே கேட்டிருக்க வேண்டும், பிறகு இன்ஸ்பெக்டர் வாயால் நிரூபிக்க வேண்டும். ஆகவே இன்ஸ்பெக்டர் தாளில் ஒரு வரி, அதில் யாரைப் பற்றி என்பது, அதோடு அ.சா.3-இடம் கேட்ட பக்கத்தின் எண். ஒரு கால் இல்லாவிட்டால் முரண் நிற்காது. சொல்லாமல் விட்டதெல்லாம் முரணும் ஆகிவிடாது என்று 1959-இல் தஹசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போது எனக்கு அந்த வழக்கின் பெயர் தெரியும். அதில் வருகிற தஹசில்தார் ஓர் அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆளின் பெயர்.

அன்றைக்கு ராத்திரி ஆபீசில் நான் தலையைத் தூக்காமல் இருந்ததைப் பார்த்துச் சீனியருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த வ.உ.சி. படத்தைக் காட்டினார். வ.உ.சி.யும் வக்கீல்தான். 1908 ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்குக் கொடுத்தது இரண்டு தண்டனைகள். தாமே பேசிய பேச்சுக்கு இருபது ஆண்டு தீவாந்தரம். சுப்பிரமணிய சிவா பேசியதற்கு உடந்தையாக இருந்தார் என்று இன்னோர் இருபது. பேசிய சிவாவுக்குப் பத்து. “அன்னிக்கு ஒருத்தன் ஒன்ன மாதிரி சுருக்கம் எழுதி, ‘இருவரும் பேசினார்கள்’னு போட்டிருந்தா, எந்த இருபது எந்தப் பேச்சுக்குன்னு அப்பீல்ல எப்படிடே பிரிப்பாவ?” மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகள் குறைந்தன. என் தண்டனை, அறுபத்திரண்டு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து சுருக்குவது.

இந்த முறை அண்ணாச்சி கடைசியில் ஒரு சோதனை வைத்தார். என் சுருக்கத்தில் கண்ணை மூடி ஏதாவது ஒரு வரியில் விரலை வைப்பார். நான் டெபாசிஷனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சொல்லை அந்த ஆளின் வாயில் காட்ட வேண்டும். முதல் நாள் பத்தில் ஆறு. மூன்றாம் நாள் பத்தில் பத்து. பத்தாவதைக் காட்டியபோது அவர் விரல் என் பக்க எண்ணின் மேல் இருந்தது என்பதை இருவரும் கண்டுகொள்ளவில்லை. தீர்ப்பில் 2-ஆம் எதிரி விடுதலையானார். அண்ணனுக்குக் கிடைத்தது நாங்கள் பயந்ததைவிடக் குறைவு.

இப்போது எனக்குத் தனி ஆபீஸ். அண்ணாச்சி என்னோடு வந்துவிட்டார். போன வருஷம் அம்பாசமுத்திரம் ரோட்டில் நடந்த ஒரு விபத்தில் இழப்பீட்டு வழக்கு. ராத்திரி நேரம் ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் பைக் மோதியிருந்தது. நான் பைக்காரர் தரப்பு. லாரி டிரைவரைக் குறுக்கு விசாரணை செய்தவன் நானேதான். வாதத்துக்கு முந்தின நாள் என் சுருக்கத்தில் பளிச்சென்று ஒரு வரி: ‘பின்பக்க விளக்கு எரியவில்லை என்று டிரைவர் ஒப்புக்கொள்கிறார்.’ பக்க எண் மட்டும் இல்லை.

அண்ணாச்சி விரலை அங்கேதான் வைத்தார். நான் தேடினேன். டிரைவர் டெபாசிஷனில் இல்லை. போலீஸ்காரர் சாட்சியத்தில் இல்லை. பைக்காரரே விளக்கைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு மோதினது வரைக்கும்தான் நினைவு. ஒரு மணி நேரம் புரட்டியதில் என் விசாரணைக் குறிப்பு நோட்டில் அகப்பட்டது. என் கையெழுத்து, அடியில் இரட்டைக் கோடு: ‘டெயில் லைட் எரியல — கேக்கணும்.’

கேட்டேனா என்பது நோட்டில் இல்லை. டெபாசிஷனிலும் இல்லை. ஆறு மாதமாக அது எனக்குள்ளே டிரைவரின் குரலிலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு புது வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, கோடு போட்டு, இடது ஓரத்தில் என் பெயரை எழுதினார்.

“கண்டதுன்னு போடவா சார், கேட்டதுன்னு போடவா?”